தமிழில் சப்பென்று போகும் பயோ

> "இன்ஸ்டாகிராம் பயோவை ஆங்கிலத்தில இருந்து 'பிறப்பால் கமக்காரன், தெரிவால் படப்பிடிப்பாளன்' எண்டு மாத்தினன். சப்பெண்டு கிடக்கு. என்ன செய்யலாம்? ஊர் கிளிநொச்சி."

தம்பி, அந்த இரண்டு 'ஆல்'தான் வரியை இழுக்குது. போதாததுக்கு முடிவில நிக்கிற சொல்லும் நீளம், அடி விழவேண்டிய இடத்தில மூச்சு வாங்குது. உருபை எடுத்துவிட்டு மோனையை வையுங்கோ:

பிறப்பு கமக்காரன், பிடிப்பு கமரா.

'பிடிப்பு' எண்டதில படம் பிடிக்கிறதும் இருக்கு, மனசுக்குப் பிடிச்சதும் இருக்கு. கடைசிச் சொல் சின்னன், அதால நறுக்கெண்டு முடியுது. 'கமக்காரனை' மட்டும் 'விவசாயி' ஆக்காதேங்கோ, வன்னி மணம் போயிடும்.

ஊரைக் கீழ் வரியில போடலாம். ஆனால் இன்ஸ்டாகிராம் 150 குறிகள்தான் விடும். விசிறி, கொம்பு, குற்று எல்லாம் தனித்தனியா எண்ணப்படும். கண்ணுக்கு 5 எழுத்தான 'கிளிநொச்சி' அங்க 10.