வியர்க்கும் காலுக்கு ஷூ வாங்கும்போது உள்ளே கைவிட்டுப் பாருங்கள்

கேள்வி: எனக்குக் கால் மிகவும் வியர்க்கிறது. வெயில் காலத்தில் ஷூ போட்டால் நாற்றம், விரலிடுக்கில் சேற்றுப்புண். எந்த மாதிரிச் செருப்பு, ஷூ வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்?

யார் வீட்டுக்காவது போனால் வாசலில் ஷூவைக் கழற்றத் தயங்கி நிற்பவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்படி நின்றவன்தான். மதுரையில் ஒன்பது ஆண்டுகள் மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். காலை எட்டரை மணிக்கு ஷூவுக்குள் போகும் கால் இரவு பத்து மணிக்குத்தான் முழுதாக வெளியே வரும். இடையில் பத்துப் பன்னிரண்டு கிளினிக்குகள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் காலணியை வாசலில் விட வேண்டும். துடைத்த ஈரம் காயாத தரையில் சாக்ஸோடு நடந்துவிட்டு, அதே சாக்ஸோடு மறுபடி ஷூவுக்குள் போக வேண்டும். அந்த வாசல்களில் காலணி திருட்டுப் போவது சாதாரணம். என் ஷூவை மட்டும் ஒருவரும் தொட்டதில்லை.

ஒரு சித்திரை மாதம் இடது காலின் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவே அரிப்பு தொடங்கியது. விரித்துப் பார்த்தால் தோல் ஊறி வெளுத்து, நகத்தால் தொட்டாலே உரிந்து வந்தது. அந்த இடுக்குதான் காலிலேயே நெருக்கமானது, காற்றுப் படாதது. சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். என் பையிலோ மாதிரி க்ரீம்கள் கிடந்தன. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு, எல்லாம் ஒரே குழாயில். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. நானும் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது, மறுபடி தடவினேன். மூன்றாம் முறை வந்தபோது தொடையிடுக்கில் வட்டமாகப் படர்தாமரையும் சேர்ந்துகொண்டது. காலைத் துடைத்த துண்டாலேயே உடம்பையும் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசியில், நான் வழக்கமாகப் பார்க்கப் போகும் தோல் மருத்துவரிடமே நோயாளியாகப் போனேன். கூட்டம் முடிந்து கடைசி ஆளாக உள்ளே சென்றேன். "பையை மூடு தம்பி, சாக்ஸைக் கழற்று" என்றார். கழற்றியதும் செவிலியர் ஒன்றும் பேசாமல் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். அந்த ஜன்னல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மருத்துவர் விரலிடுக்கைப் பார்த்துவிட்டு, ஈரப் பஞ்சால் குதிகாலை நன்றாக நனைத்து, "இதைப் பார்" என்றார். ஊறிய தோலில் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகள் நிறைய இருந்தன. காய்ந்த காலில் நான் அவற்றைக் கவனித்ததே இல்லை. நாற்றத்துக்குப் பெரும்பங்கு காரணம் அந்தக் குழிகள்தான் என்றும், அவை பூஞ்சையால் வந்தவை அல்ல, பாக்டீரியா தோலின் மேலடுக்கை அரித்ததால் வந்தவை என்றும் சொன்னார். வியர்வைக்கென்று பெரிய வாடை கிடையாது. ஊறிய தோலையும் வியர்வையையும் பாக்டீரியா தின்று சிதைக்கும்போதுதான் அந்தப் புளித்த வாடை கிளம்புகிறது. ஆக என் காலில் இரண்டு தொல்லைகள், இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பூஞ்சை க்ரீமை எவ்வளவு தடவினாலும் குதிகால் குழி போகாது. உங்களுக்கும் சேற்றுப்புண் ஆறிய பிறகும் நாற்றம் விடவில்லை என்றால், குளித்து முடித்தவுடன் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

குதிகாலுக்கு ஒரு ஆன்டிபயாடிக் லோஷன், விரலிடுக்குக்கு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை க்ரீம், தொடைக்காகச் சில வாரம் மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். தோல் சரியானதுபோலத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் க்ரீம் தடவச் சொன்னார். (மருத்துவர்கள் யாராவது படித்தால் கோபிக்க வேண்டாம். எனக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொல்கிறேனே தவிர, யாருக்கும் மருந்து எழுதவில்லை.) எழுதிவிட்டு, "இந்த ஷூவையே போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வெயிலுக்கு மறுபடி வருவாய்" என்றார்.

எனக்கு அதுதான் புரியவில்லை. நான் போட்டிருந்தது மலிவு ஷூ அல்ல, அசல் தோல் ஷூ. வீட்டுக்குப் போகும் வழியில் எப்போதும் பாலிஷ் போடும் பெரியவரிடம் நிறுத்தி, "ஐயா, இது தோல்தானே?" என்று கேட்டேன். அவர் ஷூவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே கைவிட்டுக் குத்தூசியால் அடி அட்டையை நெம்பி எடுத்தார். கீழே இருந்த ஸ்பாஞ்ச் கறுத்து நசநசவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார், ஈரம் கசிந்தது. பிறகு குதிகால் பக்கம் தேய்ந்து பிய்ந்திருந்த உள் துணியை நகத்தால் உரித்துக் காட்டினார். மேலே வழவழப்பாகத் தோல் மாதிரி இருந்தது, அடியில் வலைத்துணி. "மேலேதான் தம்பி தோல். உள்ளே முழுக்க ரெக்சின். உன் காலுக்கு மேல்தோல் எட்டவே இல்லையே!"

விஷயம் இதுதான். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழற்றி வைத்தால் மெல்ல வெளியே விடும். ரெக்சின் இரண்டையும் செய்யாது. கால் படுவது உள்பக்கத்தில்தான் என்பதால் லைனிங் ரெக்சினாக இருந்தால் மேலே எவ்வளவு உயர்ந்த தோல் இருந்தும் பிளாஸ்டிக் பைக்குள் காலை வைத்த கதைதான். கடையில் "லெதர்" என்று சொன்னால் மேல்பக்கத்தைச் சொல்கிறார்கள், அதில் பொய்யும் இல்லை. இப்போது நான் உள்ளே கைவிட்டு, குதிகால் பக்கத்தையும் நாக்கின் வெட்டிய ஓரத்தையும் பார்க்கிறேன். தோல் என்றால் ஓரம் நார்நாராகத் தெரியும். ரெக்சின் என்றால் மேலே மெல்லிய ஏடும் அடியில் துணியும் தனித்தனியாகத் தெரியும். ஈர விரலால் லைனிங்கைத் தொட்டாலும் ஓரளவு தெரியும்: தோல் சற்று நேரத்தில் கறுத்து ஈரத்தை இழுக்கும், ரெக்சினில் நீர் அப்படியே நிற்கும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அடுத்தது முன்பக்க அகலம். கூர்மூக்கு ஷூ விரல்களை ஒன்றோடொன்று ஒட்டி அழுத்திவிடும், இடுக்கில் வியர்வை காய வழியே இருக்காது. உள் அட்டை கழன்று வந்தால் அதை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் எழுந்து நில்லுங்கள். சுண்டுவிரல் அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். இதைச் சாயங்காலம் செய்யுங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கழன்று வரும் அட்டையால் இன்னொரு லாபம் உண்டு: இரவில் அதை மட்டும் வெளியே எடுத்துத் தனியாகக் காயப்போடலாம்.

எவ்வளவு நல்ல ஷூவும் ஒரே இரவில் முழுக்கக் காய்வதில்லை. அதனால் இரண்டு ஜோடி வைத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறேன். "இரண்டு ஜோடி வாங்கப் பணம்?" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். உங்கள் அலுவலகம் ஒத்துக்கொண்டால் ஒரு தோல் ஷூவின் விலைக்குள் இரண்டு கேன்வாஸ் ஷூ வாங்கிவிடலாம், துவைக்கவும் முடியும். தோல் பொருள் அணியாதவர்களுக்கும் அதுதான் வழி. கழற்றியதும் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நசநசத்த பிறகு மாற்றிவிடுங்கள். தோல் ஷூவை மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். அட்டையை மட்டும் வெயிலில் வைத்து, ஷூவை மின்விசிறிக் காற்றில் விடுங்கள். என் பழைய அட்டைகளைத் தூக்கி எறிந்தேன். பூஞ்சை அவற்றில் தங்கியிருந்து ஆறிய காலில் மறுபடி ஏறும்.

சாக்ஸில் அலுவலகத்துக்கென்று விற்கும் மெல்லிய நைலான் வகைதான் மோசம். பருத்தி கலந்தது வியர்வையை உறிஞ்சும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விரலிடுக்கைத் துடைத்து வேறு ஜோடி மாட்டுங்கள். என் வண்டியின் பெட்டியில் எப்போதும் ஒரு ஜோடி இருக்கும்.

செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். சேற்றுப்புண்ணுக்கு விரல் திறந்த செருப்பை மிஞ்சியது இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் "திறந்த செருப்புதானே, நாறாது" என்று நம்பி, பட்டி வைத்த சாண்டல் ஒன்று வாங்கி ஏமாந்தேன். பட்டிகளுக்கு உள்ளே மெத்தென்று ஸ்பாஞ்சும் துணியும் வைத்துத் தைத்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் ஷூவுக்குச் சமமாக நாறியது. வெயில் காலத்துக்குக் கால் படும் இடமெல்லாம் வெறும் தோலாக இருக்கும் செருப்பு நல்லது. மழைக்காலத்தில் அதுவே ஊறிப் பூசணம் பிடிக்கும், அப்போது சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவக்கூடிய ரப்பர் செருப்புதான். வழவழப்பான அடி வேண்டாம், வியர்த்த கால் வழுக்கும். வரிவரியாக இருப்பதைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் விரலிடுக்கு வெடிப்பை இப்படி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறிக் கால் முழுக்க வீங்கியவரை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரை வெயிலில் கழுத்தில் டையும் காலில் கறுப்பு ஷூவும் கட்டாயம் என்று எங்களுக்கு விதி போட்டவர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை செருப்போடு போன நண்பன் ஒருவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாங்கள் பார்க்கப் போன மருத்துவர்களில் பாதிப்பேர் செருப்புதான் போட்டிருந்தார்கள்.

இன்னொன்று அந்தக் கூட்டு க்ரீம். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் படரும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றில் சேர்த்தது. போன மாதம் எங்கள் தெரு மருந்துக்கடையில் ஒரு பையன் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள் அண்ணா" என்று கேட்டான். சீட்டு கேட்காமலேயே ஒரு குழாயை எடுத்து நீட்டினார்கள். எந்தக் குழாய் என்று எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. அதே கடையில் அதற்கு மாதாமாதம் ஆர்டர் எழுதி வாங்கியவன் நான்.