டிக்கெட்ல இருக்குற ரெண்டு எழுத்து நாட்டோட கோடா?

கேள்வி: சார், நாங்க பினாங்குலேருந்து கே.எல்., கொழும்பு வழியா திருச்சி போறோம், எல்லாம் ஒரே டிக்கெட்தான். அதுல முதல்ல MH, அப்புறம் UL னு போட்டிருக்கு. மலேசியான்னா MY, இலங்கைன்னா LK தானே வரணும்? பாத்திக் ஏர்ல ID னு பார்த்தேன், அது இந்தோனேசியா சரியா வருதே. பேக் வரலன்னா எந்த நாட்டுக் கம்பெனிகிட்ட கேக்குறது?

பதில்: ID சரியா வந்தது சும்மா அமைஞ்சதும்மா, அதை வச்சு மத்ததுக்கு கணக்கு போட்டா மாட்டிக்குவீங்க. MY, LK எல்லாம் நாடுகளுக்கு ஐஎஸ்ஓ வச்ச கோடு. டிக்கெட்ல வர்ற ரெண்டு எழுத்து, ஏர்லைன்களோட உலக சங்கமான அயாட்டா ஒவ்வொரு ஏர்லைன் கம்பெனிக்கும் குடுக்குறது, அந்த எழுத்துக்குள்ள நாடுன்னு ஒண்ணும் ஒளிஞ்சு இல்ல. நாட்டுக் கோடா பார்த்தா SG சிங்கப்பூர், ஆனா ஏர்லைன்ல SG ன்னா இந்தியாவோட ஸ்பைஸ்ஜெட். TR நாட்டுக் கோட்ல துருக்கி, நம்ம ஆளுங்க அடிக்கடி ஏறுற ஸ்கூட்டும் TR தான், அது சிங்கப்பூர் கம்பெனி. இந்தோனேசிய ஏர்லைன் கருடாவோட GA வை நாடா படிச்சீங்கன்னா ஆப்பிரிக்காவுல கபோன்ல போய் நிப்பீங்க. எழுத்து மட்டும் வச்சா பத்தாதுன்னு நம்பரையும் கலந்துட்டாங்க, இண்டிகோவுக்கு 6E, ஏர் ஏஷியா எக்ஸுக்கு D7.

ஆனா நாட்டுக்கும் கோடுக்கும் சம்பந்தமே இல்லன்னும் சொல்ல முடியாது, அது சுத்தி வளைச்சு வருது. ஒரு கோடு ஒரு கம்பெனியைக் காட்டும், அந்தக் கம்பெனி பறக்குறதுக்கு லைசென்ஸ் ஏதோ ஒரு நாட்டுல எடுத்திருக்கும், அதுதான் அதோட சொந்த நாடு. ஏர் ஏஷியாவைப் பாருங்க, எல்லா பிளேனும் அதே செவப்பு, அதே பேரு, ஆனா மலேசியாவுல AK, தாய்லாந்துல FD, இந்தோனேசியாவுல QZ, பிலிப்பைன்ஸ்ல Z2, ஒவ்வொண்ணும் அந்தந்த நாட்டு லைசென்ஸ்ல ஓடுற தனிக் கம்பெனி. நீங்க பார்த்த பாத்திக்கும் அப்படித்தான், ID இந்தோனேசிய பாத்திக், OD மலேசிய பாத்திக். OD முன்னாடி மாலிண்டோன்னு ஓடுச்சே அதேதான், 2022ல பேரு மாறிச்சு, கோடு மாறல. பிளேன் எந்த நாட்டுதுன்னு கண்ணால பார்க்கணும்னா வால் பக்கம் எழுதியிருக்குற பதிவு நம்பரைப் பாருங்க, மலேசியான்னா 9M, இலங்கை 4R, இந்தியா VT. அதுலதான் நெஜமாவே நாடு இருக்கு.

இப்ப உங்க பேக்குக்கு வருவோம். பினாங்கு ஏர்போர்ட் பாயான் லெப்பாஸ்ல MH கவுண்டர்ல பேக் போட்டதும் டேக்ல பார்கோடுக்குக் கீழ பத்து நம்பர் வரும், உதாரணத்துக்கு 0232456789 னு வைங்க. முதல் நம்பரை விட்டுட்டு அடுத்த மூணைப் பாருங்க, 232. அது மலேசியா ஏர்லைன்ஸோட நம்பர் கோடு, உங்க ஈ-டிக்கெட் நம்பரும் 232லதான் ஆரம்பிக்கும் அந்த ஏர்லைன்ஸ் போட்டுக் குடுத்த டிக்கெட்டா இருந்தா. ஸ்ரீலங்கன் போட்டதுன்னா 603. மிச்ச ஆறு நம்பர்தான் உங்க பேக்கோட சொந்த நம்பர், பாஸ்ல ஒட்டுற சின்ன ரசீதுல MH456789 னு வரும். ஆக அங்க MH னு இருக்குறது டேக் போட்டது யாருன்னு சொல்லுது, அவ்வளவுதான், திருச்சி வரைக்கும் அவங்கதான் தூக்கிட்டுப் போறாங்கன்னு அர்த்தம் இல்ல.

கவுண்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி டேக்ல பெருசா இருக்குற மூணு எழுத்தைப் பாருங்க. TRZ னு இருந்தா பேக் திருச்சி வரைக்கும் போகும், KUL னு இருந்தா கே.எல்.லயே எடுத்து மறுபடி போடணும், அங்கயே நின்னு கேட்டுருங்க. டிக்கெட்ல MH னு இருந்தும் கீழ சின்ன எழுத்துல ஸ்ரீலங்கன் ஓட்டுதுன்னு போட்டிருந்தா அது கோட்ஷேர், அந்த ஃப்ளைட்ல நீங்க ஏறுறது UL பிளேன்தான்.

திருச்சியில பெல்ட் நின்னு பேக் வரலையா, மலேசியா ஏர்லைன்ஸைத் தேடி அலையாதீங்க. கடைசியா உங்களை இறக்கிவிட்ட ஏர்லைன்தான் புகார் எடுக்கணும், பேக் கே.எல்.லயே மாட்டியிருந்தாலும் சரி, அதனால UL ஆளுங்ககிட்டயே போங்க. வெளிய வர்றதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்து நம்பர் வாங்கிருங்க, அது TRZUL12345 மாதிரி இருக்கும், எங்க எழுதுனது, எந்த ஏர்லைன், எத்தனாவது கேஸ்னு அதுலயே வந்துரும். பேக் கைக்கு வந்து உடைஞ்சு கெடந்தா 7 நாளுக்குள்ள எழுத்துல குடுக்கணும், லேட்டா வந்ததுக்கு நஷ்டம் கேக்கணும்னா வந்த நாள்லேருந்து 21 நாள். அந்த பேக் ரசீதை மட்டும் போர்டிங் பாஸோட குப்பைத்தொட்டியில போட்டுறாதீங்க.