பெருக்குத் தொடர்வரிசை: r = 4 எங்கே தவறுகிறது?

"3ஆம் உறுப்பு 12, 7ஆம் உறுப்பு 192. 1536 எத்தனையாவது உறுப்பு? எனக்கு r = 4, n = 6.5 வருகிறது."

பத்தாவது உறுப்பு. 192 ÷ 12 = 16 வரை சரி. அப்புறம் அந்த 16-ஐ 4ஆல் வகுத்திருப்பீர்கள். 3இலிருந்து 7க்குப் போக நான்கு முறை r-ஆல் பெருக்குகிறோம்; எனவே r⁴ = 16, r = 2 அல்லது −2.

இது அடுக்குக்குறிச் சார்புதான், n மட்டும் இயல் எண். முதல் உறுப்பைத் தேடாமல் 3ஆம் உறுப்பிலிருந்தே எழுதுங்கள், அதுதான் சுலபம்:

12 × 2ⁿ⁻³ = 1536
2ⁿ⁻³ = 128 = 2⁷
n = 10

சரிபார்க்க, 12-இலிருந்து இரட்டித்துப் பாருங்கள்: 24, 48, 96, 192. நான்காவது தாவலில் 192 வருகிறதா? r = 4 என்றால் இரண்டாவது தாவலிலேயே வந்துவிடும். n பின்னமாக வந்ததும் அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை: r = −2 என்றால் பத்தாவது உறுப்பு −1536. அந்த வரிசையில் 1536 வரவே வராது. உறுப்பு எண்களின் வித்தியாசம் இரட்டைப்படையானால் இரு குறிகளையும் சோதியுங்கள்.