சுட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் முதுகலை முதலாண்டு மாணவி. எங்கள் ஊர் ஏரியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்த ஆசிரியர், பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றார். இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்து, பத்திகளின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இப்போது இயந்திரத்தனமாக இருக்கிறது என்கிறார். எந்த இணைப்புச் சொல்லை எங்கே போட வேண்டும்? ‘எனினும்’, ‘இருப்பினும்’ இரண்டில் எது சரி? வாக்கியத்தை ‘ஆனால்’ என்று தொடங்கலாமா? மூன்று பத்திகளைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தைத் திரும்பவும் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதத் தோன்றியது. முதலில் சிறியவற்றை முடித்துவிடுகிறேன். ‘எனினும்’, ‘இருப்பினும்’ இரண்டும் சரியே. ‘ஆனால்’ என்று வாக்கியத்தைத் தாராளமாகத் தொடங்கலாம். இந்த இரண்டு கேள்விகளுக்காக இனி ஒரு நாழிகைகூடச் செலவிடாதீர்கள்.

கிளவியாக்கத்தில் அடுத்தடுத்து வரும் சில நூற்பாக்கள் சுட்டுப்பெயரைப் பற்றியவை. ஒருவரின் இயற்பெயரும் அவரைக் குறிக்கும் சுட்டுப்பெயரும் தொடர்ந்து வருமானால், இயற்பெயர் முன்னே வர வேண்டும், சுட்டுப்பெயர் அதன் பின்னே வர வேண்டும் என்கிறார் தொல்காப்பியர். சாத்தன் வந்தான் என்று சொன்ன பிறகே ‘அவனுக்கு’ என்று சொல்லலாம். செய்யுளில் மட்டும் இதை மாற்றிக்கொள்ளலாம். இதுவரை இலக்கணம் படித்தவர்கள் அறிந்ததுதான். என்னை நிறுத்தியது அடுத்த நூற்பா: ‘சுட்டுமுதல் ஆகிய காரணக் கிளவியும் சுட்டுப்பெயர் இயற்கையின் செறியத் தோன்றும்.’ ‘அதனால்’ என்னும் சொல்லைத்தான் அவர் சொல்கிறார். ‘சாத்தன் கையெழுதுமாறு வல்லன், அதனால் தந்தை உவக்கும்’ என்பது உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு. ‘அவன்’ எப்படிச் சாத்தனுக்குப் பின்னே நிற்கிறதோ, அப்படியே ‘அதனால்’ தான் சுட்டும் செய்திக்குப் பின்னே செறிந்து நிற்க வேண்டும்.

நீங்களும் உங்கள் பட்டியலும் தவறவிட்ட செய்தி இதற்குள் இருக்கிறது. தமிழில் இணைப்புச் சொல் என்று தனியாக ஒரு பசை டப்பாவில் எதுவும் இல்லை. ‘அதனால்’ என்பதற்குள் ‘அது’ இருக்கிறது. ‘எனவே’ என்பதற்குள் ‘என’ இருக்கிறது. இப்போது சொல்லப்பட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறேன் என்று அது சொல்கிறது. ‘ஆகவே’, ‘ஆகையால்’, ‘ஆனால்’, ‘ஆயினும்’ ஆகிய எல்லாம் ‘ஆகு’ என்னும் வினையிலிருந்து வந்தவை. ‘இருப்பினும்’ என்பது ‘இரு’ என்பதிலிருந்து வந்தது. ஆவது எது, இருப்பது எது என்று கேட்டால், முந்தைய வாக்கியத்தைத்தான் காட்ட வேண்டும். அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சொல் வெறும் விரலாக நிற்கிறது. வாசகர் விரல் காட்டிய திசையில் பார்க்கிறார், எதையும் காணாமல் திரும்பி வருகிறார், உங்கள் ஆசிரியர் இயந்திரத்தனம் என்று சொல்லிவிடுகிறார்.

உங்கள் பத்திகளையே பார்ப்போம். முதல் பத்தி இப்படி முடிகிறது: ‘ஏரி நிறைந்தால் மிகுதி நீர் கலிங்கின் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஒவ்வொரு கோடையிலும் ஊரார் கூடி வரத்துக்காலைத் தூர்வாரினார்கள்.’ இரண்டாம் பத்தி: ‘மேலும், ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. இதனால் தூர்வாருவது நின்றது.’ மூன்றாம் பத்தி: ‘இருப்பினும், வரத்துக்காலின் மேல் வீடுகள் வந்துவிட்டன. இது நிலைமையை மோசமாக்கியது. இவ்வாறாக ஏரி வறண்டது.’

‘மேலும்’ என்றால் சொன்ன வகையிலேயே இன்னொன்று வருகிறது என்று பொருள். ஆழ்துளைக் கிணறு தூர்வாரும் வழக்கத்தோடு சேர்ந்த இன்னொன்றா? அந்த வழக்கத்தை முறித்தது அதுதானே! ‘இருப்பினும்’ என்றால் எதிர்பார்ப்புக்கு மாறாக ஒன்று நடந்திருக்க வேண்டும். தூர்வாருவது நின்றுபோன கால்வாயின் மேல் வீடு வருவதில் எந்த எதிர்பார்ப்பு முறிகிறது? அது முந்தையதன் விளைவு அல்லவா? பட்டியலில் அடுத்தடுத்து இருந்த சொற்களை அடுத்தடுத்த பத்திகளின் தலையில் வைத்திருக்கிறீர்கள். சொந்த ஊரின் ஏரி செத்ததை எழுதும்போது இப்படி அலட்சியமாக இருக்கலாமா? கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கலிங்கு, வரத்துக்கால் என்ற சொற்களை இந்த வயதில் பிழையில்லாமல் எழுதும் ஒரு பெண்ணின் மேல் உள்ள அக்கறையால் சொல்கிறேன்.

மூன்றாம் பத்தியில் உள்ள ‘இது’ இன்னும் பெரிய பிழை. எது நிலைமையை மோசமாக்கியது? வீடுகள் வந்ததா, தூர்வாருவது நின்றதா, ஆழ்துளைக் கிணறுகளா? மூன்றையும் வாசகர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நீங்களும் தீர்மானிக்கவில்லை என்றே நினைக்கிறேன். தீர்மானித்திருந்தால் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பீர்கள்.

அந்தப் பெயர் வைக்கும் வேலையை எனக்குக் கற்றுத்தந்தவர், இளம் வயதில் நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் அழைப்போம். கட்டுரை அச்சுக்கோத்து நீளமான படியாக வந்ததும், அதைக் கத்தரியால் பத்தி பத்தியாக வெட்டி, சீட்டுபோலக் கலைத்து மேசையில் போட்டு, வரிசைப்படுத்து என்பார். நல்ல கட்டுரை என்றால் ஐந்து நிமிடத்தில் அதன் வரிசை கூடிவிடும். நான் எழுதிய முதல் கட்டுரையை அப்படிப் போட்டபோது, நான்கு விதமாக அடுக்க முடிந்தது, நான்கும் சரிபோலவே இருந்தன. ‘அதன் காரணமாக’, ‘அதே வேளையில்’ என்றெல்லாம் பத்திகளின் தலையில் எழுதியிருந்தேன். எந்தப் பத்திக்குப் பின்னே வைத்தாலும் அவை ஒட்டின. எங்கே வைத்தாலும் ஒட்டுவது எதிலும் ஒட்டவில்லை என்று அண்ணாச்சி சொன்னார். பிறகு பென்சிலால் அந்தச் சொற்களை அடித்துவிட்டு, ஒவ்வொரு பத்தியின் முதல் வரியிலும் ‘இந்த’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டில் ஒரு பெயர்ச்சொல்லை நான் நிரப்ப வேண்டும். முந்தைய பத்தி முழுவதையும் ஒரே சொல்லால் அழைக்க வேண்டும். இந்தத் தயக்கம், இந்த ஏற்பாடு, இந்தக் கணக்கு. முதல் பத்திக்குச் சொல் கிடைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. அந்தப் பத்தியில் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்குத் தெரியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லாமல் டீ வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

உங்கள் பத்திகளுக்கு அதைச் செய்து பார்க்கிறேன். இரண்டாம் பத்தி: ‘அந்தக் கூட்டுழைப்பு ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு நின்றுபோனது. தன் நிலத்திலேயே நீர் எடுக்கத் தொடங்கியவருக்கு ஏரி நிறைவதும் நிறையாததும் ஒன்றுதான்.’ மூன்றாம் பத்தி: ‘தூர்ந்த கால்வாய் நாளடைவில் தரையோடு தரையானது, தரையான இடத்தில் வீடுகள் எழுந்தன. இந்த ஆக்கிரமிப்புக்குப் பின் பெய்த மழை ஏரிக்கு வந்து சேரவில்லை.’ இணைப்புச் சொல் ஒன்றுகூட இல்லை. ‘ஊரார் கூடி’ என்று முதல் பத்தி முடித்ததைக் ‘கூட்டுழைப்பு’ என்னும் பெயர் வாங்கிக்கொண்டது. ‘நின்றுபோனது’ என்பதன் விளைவைத் ‘தூர்ந்த’ என்னும் பெயரெச்சம் ஏந்திக்கொண்டது. ‘தரையானது, தரையான’ என்று ஒரே சொல் வாக்கியத்தின் முடிவிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் வருவது நம் அந்தாதியின் பழைய வழி. இதை அளவோடு செய்யுங்கள். பத்திக்குப் பத்தி செய்தால் அதுவும் ஒரு சடங்காகிவிடும்.

முதலில் ‘அந்த’ என்றும் பிறகு ‘இந்த’ என்றும் எழுதியதைக் கவனியுங்கள். கூட்டுழைப்பு முடிந்துபோன ஒன்று, நாம் அதைவிட்டு விலகிப் போகிறோம், ஆகவே சேய்மைச் சுட்டு. வீடுகள் இப்போதுதான் கண்முன் வந்தன, அடுத்த வாக்கியம் அவற்றைப் பற்றியே பேசப்போகிறது, ஆகவே அண்மைச் சுட்டு. இரண்டையும் மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள், காதே சொல்லிவிடும்.

பெயர் வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘ஆக்கிரமிப்பு’ என்றேன். அது வெறும் சுட்டு அல்ல, தீர்ப்பு. அங்கே குடியிருப்பவர்களுக்கு அரசே பட்டா கொடுத்திருந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். ‘இந்தக் குடியிருப்பு’ என்றுதான் எழுத வேண்டும். ‘இது’ என்று மழுப்பிவிட்டால் இந்தப் பொறுப்பிலிருந்து தப்பிவிடலாம் என்பதனால்தான் பலரும் அதை விரும்புகிறார்கள்.

‘மேலும்’ என்பதை நீக்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். தமிழ் அந்த வேலையை ஓர் இடைச்சொல்லிடம் கொடுத்திருக்கிறது. ‘கோயில் குளமும் வறண்டது’ என்றால், வேறொன்று முன்பே வறண்டது என்பதை ‘உம்’ சொல்லிவிடுகிறது. எச்சவும்மை என்று நீங்கள் படித்ததுதான். ‘மேலும், கோயில் குளமும்’ என்று எழுதினால் ஒரே செய்தியை இருமுறை சொல்கிறீர்கள். அதுபோலவே, ‘மதகுகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கலிங்கோ பாதி இடிந்துவிட்டது’ என்னும்போது, ‘ஆனால்’ செய்ய வேண்டியதை ஓகாரம் செய்துவிடுகிறது. வாசகர் எதிர்பாராத இடத்தில் வாதம் முழுதாகத் திரும்பும்போது மட்டும் ‘ஆனால்’ தேவைப்படுகிறது. அங்கே அதை மறைக்காமல் வாக்கியத்தின் தலையிலேயே வையுங்கள்.

ஒரு சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது என்று பள்ளியில் யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்போலும். முதல் பத்தியின் தொடக்க வரிகளில் ஏரி, நீர்நிலை, தடாகம் என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எத்தனை நீர்நிலைகள் என்று நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஏரி என்றால் கடைசிவரை ஏரிதான். நடுவில் இரண்டு பத்திகள் வேறொன்றைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பும்போது ‘அது’ போதாது, ‘ஏரி’ என்றே மீண்டும் எழுதுங்கள்.

கடைசி வரியில் உள்ள ‘இவ்வாறாக’ என்பதை நான் அடிக்கவில்லை, உங்களிடமே விடுகிறேன். அதை வைத்திருக்க வேண்டுமானால் ஒரு செய்தி தெரிய வேண்டும். தூர்வாருவது நின்று கால்வாய் தூர்ந்த பிறகு வீடுகள் வந்தனவா, வீடுகள் வந்ததால் தூர்வார முடியாமல் போனதா? மேலே நான் திருத்தி எழுதியது முதலாவது வரிசையை நம்பி எழுதியது; உங்கள் பத்திகளில் அதற்கு ஆதாரம் இல்லை. ஊரில் வயதான யாரிடமாவது, முடிந்தால் வயல்களுக்கு ஏரி நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி வேலை பார்த்தவரிடம், எந்த வீடு முதலில் வந்தது, அந்த ஆண்டு கால்வாயில் தண்ணீர் ஓடியதா என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு மூன்றாம் பத்தியை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.