பஞ்சு ஏறினால் நூலும் ஏறும்: சிமுலேஷனில் அது தெரிய வேண்டும்

கேள்வி: புராஜெக்ட் என்.பி.வி.க்கு மான்டி கார்லோ சிமுலேஷன் போடுகிறேன். விற்பனை விலைக்கு ஒரு பரவல், செலவுக்கு ஒரு பரவல் என்று தனித்தனியாகக் கொடுத்தால் போதாதா? இரண்டையும் சேர்த்துத்தான் மாடல் செய்ய வேண்டும் என்கிறார்களே, ஏன்?

பதில்:

கோவைப் பக்கம் நூற்பாலைகளுக்குக் கடன் வாங்கத் திட்ட அறிக்கை தயாரிப்பது என் வேலை. ஆரம்பத்தில் நானும் தனித்தனியாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மில் முதலாளியிடம் ஷீட்டைக் காட்டியபோது அவர் சராசரியைப் பார்க்கவே இல்லை. மோசமான முடிவு வந்த ஒரு வரியில் விரலை வைத்தார். அதில் நூல் கிலோ 228 ரூபாய், அந்த ஒரு கிலோ நூலுக்கான பஞ்சு 216 ரூபாய். "ஏனுங்க, நூல் 228க்கு விக்கிற வருசம் பஞ்சு 216க்கு எப்படிங்க இருக்கும்? நூலை யாரும் வாங்கலைன்னா பஞ்சை மட்டும் யாருங்க வாங்குவா?" என்று கேட்டார். உங்கள் கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் தப்பு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும்.

எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன். பழைய மில்லில் கூடுதலாகச் சில நூற்கும் இயந்திரங்கள், அதாவது ரிங் ஃபிரேம் போடுகிறார்கள், முதலீடு 11 கோடி. வருடம் 10 லட்சம் கிலோ நூல். நூல் விலை சராசரி 260 ரூபாய். கழிவு போக ஒரு கிலோ நூலுக்கான பஞ்சு 190, மின்சாரம், கூலி, மற்றவை 45. கிலோவுக்கு மிச்சம் 25 ரூபாய், அதாவது வருடம் 2.5 கோடி. 10 வருடம், 12 சதவீதத் தள்ளுபடி, வரியை விட்டுவிடுவோம். என்.பி.வி. சுமார் 3.1 கோடி.

நூல் விலையின் திட்ட விலக்கம் 20 ரூபாய், பஞ்சுச் செலவின் திட்ட விலக்கம் 18 ரூபாய் என்று வையுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஆடினால், மிச்சத்தின் விலக்கம் 20², 18² கூட்டுத்தொகையின் வர்க்கமூலம்: கிட்டத்தட்ட 27 ரூபாய். இரண்டுக்கும் இடையே 0.85 ஒட்டுறவு இருந்தால் அந்தக் கூட்டுத்தொகையிலிருந்து 2 × 0.85 × 20 × 18 கழியும். விலக்கம் 10.6 ரூபாய்க்கு இறங்கிவிடும். அதே பஞ்சு, அதே நூல், அதே சராசரி. ஆனால் மிச்சத்தின் ஆட்டம் பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஒவ்வொரு வருடத்துக்கும் புதிதாக எண் எடுத்து 10 வருடம் ஓட்டினால், தனித்தனி மாடலில் என்.பி.வி. பூஜ்யத்துக்குக் கீழே போக நூற்றுக்கு 27 வாய்ப்பு. சேர்த்து ஓட்டினால் நூற்றுக்கு 6. சராசரி என்.பி.வி. இரண்டிலும் ஒன்றேதான், அதனால் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தப்பு கண்ணிலேயே படாது. இல்லாத ஆபத்தைக் காட்டி நல்ல திட்டத்தை நிறுத்தியிருப்போம்.

எக்ஸெலில் இதைச் செய்ய ஆட்-இன் எதுவும் வேண்டாம். ஒரு வரி ஒரு வருடம்:

```
A2: =NORM.S.INV(RAND())
B2: =NORM.S.INV(RAND())
C2: =190+18*A2
D2: =260+20*(0.85*A2+SQRT(1-0.85^2)*B2)
E2: =D2-C2-45
```

C பஞ்சு, D நூல், E மிச்சம். நூலுக்குள் A2 வருவதுதான் விஷயம்: பஞ்சை ஆட்டிய அதே எண் நூலையும் ஆட்டுகிறது. ஆயிரம் வரி இறக்கிவிட்டு `CORREL` போட்டுப் பாருங்கள், 0.85க்குப் பக்கத்தில் வர வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் எங்கோ தனி `RAND()` போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, அந்த 0.85 எங்கிருந்து வரும்? இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். பத்து வருட விலைகளை அப்படியே எடுத்து `CORREL` போட்டால் எண் பெரிதாகத்தான் வரும், ஏனென்றால் விலைவாசி இரண்டையுமே மேலே தள்ளிக்கொண்டு போகிறது. விலையை விட்டுவிட்டு, வருடத்துக்கு வருடம் வந்த மாற்றத்தை வைத்துப் பாருங்கள். இன்னொன்று, மில் இன்று ஓட்டும் பஞ்சு இன்று வாங்கியது இல்லை. சீசனில் வாங்கி மூன்று, நான்கு மாத இருப்பு வைத்திருப்பார்கள். அதனால் மார்க்கெட் விலைகளுக்கு இடையே இருக்கும் ஒட்டுறவைவிட, கணக்குப் புத்தகத்தில் ஏறும் பஞ்சுச் செலவுக்கும் நூல் விலைக்கும் உள்ள ஒட்டுறவு குறைவாகத்தான் இருக்கும். மில்லின் சொந்தக் கணக்கிலிருந்து எடுப்பதே நல்லது.

அந்தப் பிணைப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலையும் ஏறியது, ஆனால் அந்த வேகத்துக்கு வாங்குபவர்களால் தாங்க முடியவில்லை. தமிழ்நாட்டில் சிறிய மில்கள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. சாதாரண வருடத்தில் கையைப் பிடித்துக்கொண்டு போகிற இரண்டு விலைகள், உச்சத்தில் கையை விட்டுவிட்டன. ஒற்றை ஒட்டுறவு எண் இதைக் காட்டாது. அதனால் நான் 0.85 உடன் நிற்காமல் 0.6 வைத்தும் ஒரு முறை ஓட்டி, இரண்டு முடிவையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

இவ்வளவும் படித்துவிட்டு, சேர்த்து மாடல் செய்தால் எப்போதும் ஆபத்து குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். விற்பனை அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 45 ரூபாயில் 25 ரூபாய் நிலையான செலவு, அதாவது மில் ஓடினாலும் நின்றாலும் வருடம் 2.5 கோடி. மந்தத்தில் 8 லட்சம் கிலோதான் விற்றது என்றால், அளவையும் கிலோ செலவையும் தனித்தனியாக வைத்த மாடல் 8 லட்சம் × 25 = 2 கோடி மிச்சம் என்று காட்டும். உண்மையில் நிலையான செலவு குறையாது, மிச்சம் 1.5 கோடிதான். அதே மந்தத்தில் நூலுக்கும் பஞ்சுக்கும் இடையேயான வித்தியாசம் 10 ரூபாய் சுருங்கினால் மிச்சம் வெறும் 70 லட்சம். மந்தத்தில் அது சுருங்கத்தான் செய்யும். இங்கே தனித்தனி மாடல் ஆபத்தை மறைக்கிறது. இதற்கு ஒட்டுறவு எண்ணையும் தேட வேண்டாம். நிலையான செலவைக் கிலோ கணக்கில் எழுதாமல் வருடத்துக்கு இவ்வளவு கோடி என்று எழுதினாலே பாதி சரியாகிவிடும்.

கடைசியாக, மேலே சொன்ன நூற்றுக்கு 6 என்ற எண்ணை அப்படியே நம்பி விடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாக எண் எடுத்ததால், கெட்ட வருடத்தை நல்ல வருடம் சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் மார்ஜின் கெட்டால் இரண்டு மூன்று வருடம் கெட்டே கிடப்பதை இங்கே பார்த்திருக்கிறோம். ஒரு முறை எடுத்த எண்ணே பத்து வருடமும் நீடித்தால் அந்த 6, நூற்றுக்கு 30 ஆகிவிடும். உண்மை இரண்டுக்கும் நடுவில். பஞ்சையும் நூலையும் பிணைத்த பிறகு, இந்த வருட மார்ஜினை அடுத்த வருடத்தோடும் பிணையுங்கள். அப்புறம் என்.பி.வி. மிக மோசமாக வந்த இருபது ஓட்டங்களைத் தனியே எடுத்து, மில்லில் பஞ்சு வாங்குபவரிடம் காட்டி, இப்படி ஒரு காலம் வருமா என்று கேளுங்கள். வராது என்று அவர் சொல்கிற வரி எது என்று பார்த்தால், எந்த இரண்டைப் பிணைக்காமல் விட்டுவிட்டீர்கள் என்பது தெரிந்துவிடும்.