பொடியும் இடம் பிடிக்கும்: டிப்ளமோ மாணவர்களின் கணக்குகள், மூத்த மருந்தாளுநரின் பதில்கள்

அக்கா, செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் குப்பிக்கு 9.6 மி.லி. நீர் என்று சீட்டில் இருக்கிறது. 10 மி.லி. ஆம்பூலை அப்படியே விட்டால் என்ன? (கோபி மாணவி)

அம்மிணி, அந்த 1 கிராம் பொடி கரைந்த பிறகும் சுமார் 0.4 மி.லி. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 9.6 விட்டால் மொத்தம் 10 மி.லி.; மி.லி.க்கு 100 மி.கி. நீங்கள் 10 விட்டால் மொத்தம் 10.4 ஆகிவிடும். 1000 ÷ 10.4 என்றால் மி.லி.க்கு ஏறத்தாழ 96 மி.கி.தான்.

12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. வீதம் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

12 × 50 = 600 மி.கி.
600 ÷ 100 = 6 மி.லி.

10 விட்ட குப்பியிலிருந்து அதே 6 மி.லி.யை எடுத்தால் குழந்தைக்குப் போவது 577 மி.கி. முழுக் குப்பியும் ஒருவருக்கே என்றால் கவலையில்லை. மருந்து முழுவதும் போய்விடுகிறது. குப்பியில் ஒரு பங்கை மட்டும் எடுக்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. இந்த 0.4-ஐ வேறு மருந்துக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தந்தச் சீட்டைப் பார்த்தே நீர் விட வேண்டும்.

2% லிக்னோகெய்ன் என்றால் 100 மி.லி.யில் 2 கிராம். அப்படியானால் 1 மி.லி.யில் 2 மி.கி., சரிதானே? (பொள்ளாச்சி மாணவர்)

முதல் வரி சரி, தம்பி. 2 கிராமை 2000 மி.கி. ஆக்காமல் வகுத்துவிட்டீர்கள். 2000 ÷ 100 = 20 மி.கி. உங்கள் விடையை நம்பி 40 மி.கி.க்கு மருந்தை எடுத்தால் 2 மி.லி.க்குப் பதில் 20 மி.லி. எடுப்பீர்கள். சிறிய ஊசிக்கு இவ்வளவா என்று கை தயங்கினால், அலகை மறுபடி பாருங்கள்.

25% டெக்ஸ்ட்ரோஸிலிருந்து 10% இல் 100 மி.லி. வேண்டும். 10 × 100 ÷ 25 = 40 மி.லி. மீதி 60-க்கு 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தேன். விடை தவறு என்கிறார்கள். (பெருந்துறை மாணவி)

அந்தச் சூத்திரம் சேர்க்கும் நீரில் மருந்தே இல்லை என்று எண்ணிக்கொள்கிறது. உங்கள் 60 மி.லி.யில் 3 கிராம் இருக்கிறது. 40-இல் 10 கிராம். கூட்டினால் 13%. இரண்டு கரைசலைக் கலக்கும்போது வித்தியாசங்களைக் குறுக்காக எடுங்கள்: 10 − 5 = 5 பங்கு 25% கரைசல், 25 − 10 = 15 பங்கு 5% கரைசல். அதாவது 25 மி.லி.யும் 75 மி.லி.யும். சரிபார்க்க: 6.25 + 3.75 = 10 கிராம்.

என் கடையில் குழந்தைகளுக்கான பொடி சிரப்பில் கோடு வரை நீர் விட்டுக் கொடுக்கிறோம். அதற்கும் இந்த 0.4 கணக்கு உண்டா? (தாராபுரம் மருந்துக்கடைக்காரர்)

இல்லைங்க ஐயா. கோடு மொத்த அளவைத்தான் காட்டுகிறது. பொடியின் இடம் அதற்குள் அடங்கிவிட்டது. ஆனால் ஒரே மூச்சில் கோடு வரை ஊற்றினால், குலுக்கியதும் மட்டம் இறங்கிவிடும். பாதி விட்டுக் குலுக்கி, நுரை அடங்கியதும் மீண்டும் கோடு வரை விடுங்கள்.

தேர்வில் பொடியின் இடத்தைக் கொடுக்காமல் "10 மி.லி. சேர்த்தார்" என்று கேட்டால்? (கோபி மாணவி)

மொத்தம் 10 என்றே எடுத்து, பொடியின் இடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். திருத்துபவர் எல்லோரும் ஒரே மாதிரி ஏற்பார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் ஆசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.