கார்மென்ட்ஸ் லைன் சூப்பர்வைசர் ரெஸ்யூமில் புரொடக்‌ஷன் கணக்கை எப்படிக் காட்டுவது?

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனியில லைன் சூப்பர்வைசரா இருக்கேன், வேற கம்பெனிக்கு அப்ளை பண்ணப் போறேன். அவுட்புட், எஃபிஷியன்சி, எத்தனை பேரைப் பார்த்தேன், குவாலிட்டி இதெல்லாம் ரெஸ்யூம்ல எப்படி எழுதணும்?

நான் இதே ஊரில் ஐ.இ. என்கிற இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். சூப்பர்வைசர் இன்டர்வியூவில் உட்காரும்போது ரெஸ்யூமைக் கையில் வாங்கியதும் முதலில் செய்வது அதில் உள்ள எண்களைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான். அதனால் அந்தக் கணக்குக்கு நிற்கிற மாதிரி எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

"தினமும் 1000 பீஸ் எடுத்தேன்" என்று மட்டும் எழுதினால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. என்ன பீஸ், எத்தனை டெய்லர், எத்தனை மணி நேரம்? 30 டெய்லர் உள்ள லைனில் 8 மணி நேர ஷிப்ட் என்றால் கையில் இருப்பது 14,400 நிமிடம். போலோ டி-ஷர்ட்டுக்கு சாம், அதாவது ஒரு பீஸுக்கு நிர்ணயித்த தையல் நேரம், 12 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், 520 பீஸ் வந்தால் 6,240 நிமிட வேலை நடந்திருக்கிறது, அதை 14,400 ஆல் வகுத்தால் எஃபிஷியன்சி 43 சதவீதம். அடுத்த வாரம் அதே லைனில் சாம் 6 உள்ள சாதா ரவுண்ட் நெக் ஓடி 1000 பீஸ் வருகிறது. பார்க்க இரண்டு மடங்கு போலத் தெரியும், ஆனால் 6,000 நிமிட வேலைதான், எஃபிஷியன்சி 42-க்கு இறங்கிவிட்டது. ஸ்டைல் மாறியதால் கூடிய பீஸை "அவுட்புட்டை இரட்டிப்பாக்கினேன்" என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே அவுட்புட் எங்கே வந்தாலும் பக்கத்திலேயே ஸ்டைல், சாம், டெய்லர் எண்ணிக்கை, ஷிப்ட் நேரம் நான்கும் இருக்கட்டும்.

இன்னொரு வகை ரெஸ்யூமும் வரும். 25 டெய்லர், தினம் 1200 போலோ, எஃபிஷியன்சி 65 சதவீதம் என்று இருக்கும். அதே 12 நிமிட சாம் போட்டால் 1200 பீஸுக்கு 14,400 நிமிடம் வேண்டும், 25 பேருக்கு 8 மணி நேரத்தில் இருப்பதே 12,000 நிமிடம். சரி, நம் ஊர் வழக்கப்படி ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருப்பார் என்று 12 மணி நேரம் போட்டாலும் 80 சதவீதம் வருகிறது, 65 வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்தாலும், தன் லைன் கணக்கு தனக்கே தெரியாது என்று ஆகிவிடுகிறது. ஓவர்டைம் சேர்ந்த எண்ணாக இருந்தால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். ஹெல்பரையும் சேர்த்து எஃபிஷியன்சி போடுகிற கம்பெனி உண்டு, டெய்லரை மட்டும் வைத்துப் போடுகிற கம்பெனியும் உண்டு, உங்கள் இடத்தில் எது என்று தெரிந்து வைத்திருங்கள்.

அடுத்தது எஃபிஷியன்சி கூட்டியது. ரெஸ்யூமிலேயே எடை உள்ள பகுதி இதுதான், ஆனால் பெரும்பாலும் "15 சதவீதம் உயர்த்தினேன்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எதிலிருந்து எதற்கு, எந்த வேலையைச் செய்து என்பதுதான் எங்களுக்கு வேண்டும். மேலே சொன்ன அதே போலோ லைனையே எடுத்துக்கொள்ளுங்கள். 520 பீஸ் என்றால் மணிக்கு 65. பிளாக்கெட் அட்டாச் செய்யும் டெய்லருக்கு ஒரு பீஸுக்கு 55 விநாடி ஆகிறது, அவரால் மணிக்கு 65-தான் முடியும், முன்னால் பண்டில் குவிந்துகொண்டே போகும், பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். லேபிள் வைக்கிற டெய்லருக்கு மணிக்கு 140 முடியும், ஆனால் 65 பீஸ்தான் அவரிடம் வருகிறது. இரண்டுமே சிங்கிள் நீடில் வேலை என்பதால் அவருக்கு பிளாக்கெட் பழக்கி, மூன்றில் ஒரு பங்கு நேரம் அங்கே கொடுத்தால் அந்த அடைப்பு விலகும். உடனே 140 ஆகிவிடாது, காலர் அட்டாச் மணிக்கு 83-ல் நிற்கும், லைனும் அங்கேயே நிற்கும். நாளுக்கு 660 பீஸ், எஃபிஷியன்சி 55 சதவீதம். இதைச் செய்தவர் எழுத வேண்டிய வரி இப்படி இருக்கும்:

"போலோ லைன், 30 டெய்லர், சாம் 12, 8 மணி நேரம்: பிளாக்கெட் அட்டாச்சில் இருந்த தேக்கத்தை லேபிள் டெய்லரைப் பழக்கிச் சரிசெய்து, தினசரி 520-லிருந்து 660 பீஸ், எஃபிஷியன்சி 43-லிருந்து 55 சதவீதம்."

ரெஸ்யூமை ஆங்கிலத்தில் போட்டாலும் வரிசை இதுதான். இந்த மாதிரி ஒரே ஒரு வரி இருந்தால் போதும், இன்டர்வியூவில் பேச்சு அதைச் சுற்றியே போகும், அதற்குப் பிறகு எதில் தேங்கியது என்று கேட்டால் "காலர்" என்று பட்டென்று வரும். செய்யாதவரால் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. 43-லிருந்து 55 என்பதை 12 சதவீதம் என்றும் சொல்வார்கள், 28 சதவீதம் என்றும் சொல்வார்கள். எழுதும்போது முன்-பின் இரண்டு எண்ணையும் கொடுத்துவிட்டால் அந்தக் குழப்பமே இல்லை.

ஆட்கள் கணக்கில் "40 பேரை மேற்பார்வையிட்டேன்" என்பதைப் பிரித்து எழுதுங்கள்: டெய்லர் 30, ஹெல்பர் 5, இன்லைன் செக்கிங் 2, எண்ட்லைன் செக்கிங் 3. செக்கிங் ஆட்கள் குவாலிட்டி டிபார்ட்மென்டின் கீழ் இருந்தால் அவர்களை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒடிசா, பீகார் ஆட்கள் உள்ள லைனை நீங்கள் இந்தியில் பேசி நடத்தியிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், இன்று இந்த ஊரில் அது பெரிய தகுதி.

குவாலிட்டியில் இரண்டு எண்களைக் கலக்காதீர்கள். எண்ட்லைனில் 500 பீஸ் பார்த்து, 32 பீஸில் மொத்தம் 45 டிஃபெக்ட் இருந்தால் டி.ஹெச்.யு., அதாவது நூறு பீஸுக்கு எத்தனை டிஃபெக்ட் என்பது, 9, டிஃபெக்ட் உள்ள பீஸ் 6.4 சதவீதம். ஒரே பீஸில் ஸ்கிப் ஸ்டிச்சும் எண்ணெய்க் கறையும் இருக்கலாம், அதனால்தான் இந்த வித்தியாசம். எது குறைந்தது, எதனால் குறைந்தது என்று சொல்லுங்கள். இன்லைனில் பண்டிலுக்கு 7 பீஸ் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை வைக்கிற முறையை நீங்கள் நடத்தியிருந்தால் அதையும், உடைந்த ஊசி ரெஜிஸ்டர் உங்கள் பொறுப்பில் இருந்தால் அதையும் சேருங்கள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனைப் பற்றி எழுதினால் ஏ.க்யூ.எல்., அதாவது ஏற்றுக்கொள்ளும் டிஃபெக்ட் அளவு, என்ன என்று கேட்பார்கள். 2.5 என்றால் ஜெனரல் லெவல் இரண்டில் 3000 பீஸ் ஆர்டருக்கு 125 பீஸ் எடுப்பார்கள், மேஜர் டிஃபெக்ட் 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். "இத்தனை ஆர்டரில் இத்தனை முதல் தடவையே பாஸ்" என்று எழுத முடிந்தால் "தரத்தில் சிறந்தவன்" என்ற வரியை எடுத்துவிடலாம்.

உங்கள் யூனிட் சின்னது, ஐ.இ.யும் இல்லை, சாமும் இல்லை என்றால் ஊகித்து ஒரு சாம் போடாதீர்கள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பத்து பீஸ் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்து சராசரி எடுங்கள், அதை சைக்கிள் டைம் என்றே எழுதுங்கள். எஃபிஷியன்சி சதவீதத்துக்குப் பதிலாக ஒரு டெய்லருக்கு ஒரு ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்று ஸ்டைல் பெயரோடு கொடுங்கள், மீதியை நாங்களே போட்டுப் பார்த்துக்கொள்வோம்.